எந்த இலையில் புள்ளி இருக்கிறது?

விவசாயி ஒருவர் புள்ளி விழுந்த இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த நிமிடமே நாலு மருந்துப் பெயர் வந்து விழுகிறது. எந்தப் பயிர், நட்டு எத்தனை நாள், என்ன தண்ணீர் பாய்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. பதில் சொல்பவர்கள் எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு கொதிக்கிறது. அந்த நாலு மருந்தில் மூன்று மருந்தாவது அவருக்குத் தேவையே இல்லாததாக இருக்கும். தேவையில்லாத அந்த மருந்துகளுக்கு அவர் ஒரு நாள் கூலியையோ இரண்டு நாள் கூலியையோ கொடுத்திருப்பார். தப்பான மருந்தை அடித்துவிட்டுக் காத்திருக்கும் பத்து நாளில் பயிருக்குத் தூர் கட்டும் பருவமும் கடந்துபோயிருக்கும்.

புள்ளி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் நான் பிடிவாதமாக நம்புவது. செடியில் எந்த இலையில், இலையில் எந்தப் பக்கத்தில், வயலில் எந்த மூலையில். நோயா, பூச்சியா, சத்துக் குறையா என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்றும் பிரித்துக் காட்டிவிடும். ஒற்றை இலையை விரலில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தில் இந்த மூன்றுமே இருக்காது. சம்பா நெல்லில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

## வந்த படம்

மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பிய படம் அது. ஆற்றுத் தண்ணீர் சரியாக வராததால் போர் தண்ணீரை நம்பி நட்ட சி.ஆர். 1009 ரகம். நட்டு 24 நாள். சாயங்கால வெயிலில் எடுத்திருந்தார். இலை முழுக்க மஞ்சள் வெளிச்சம். இலையின் நடுவிலும் ஓரத்திலும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், சில இடத்தில் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து துரு ஏறிய மாதிரி. கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, பயிர் செவந்துகிட்டே வருது. தூரும் புடிக்கல. கடையில செம்புள்ளி நோய்ன்னு சொல்லி ரெண்டு பாக்கெட் குடுத்துருக்காங்க. அடிச்சிரலாமா?"

அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொன்னதைத் தப்பென்று சொல்ல முடியாது. செம்புள்ளி நோயின் புள்ளி எள்ளளவில், நீள்வட்டமாக, பழுப்பாக இருக்கும்; சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம் தெரியும்; முற்றியதும் நடுவில் சாம்பல் நிறம் வரும். குலைநோய் என்றால் புள்ளியின் இரண்டு முனையும் கூராக, கண் வடிவத்தில், நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக இருக்கும். படத்தில் இருந்ததில் கூர்முனை இல்லை. ஆகவே குலைநோய் சந்தேகம் குறைவு. செம்புள்ளியை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் துத்தநாகக் குறை, அதாவது நம் விவசாயிகள் ஜிங்க் குறை என்று சொல்வது, அதே வயதுப் பயிரில் ஏறக்குறைய இதே நிறத்தில்தான் வரும். நட்ட இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வருவது அதன் வழக்கம். புள்ளியின் உருவத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் செல்போன் படத்தில் பிரிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

"அண்ணே, மருந்து அப்புறம். பாக்கெட்டைப் பிரிக்காதீங்க. காலைல வயலுக்குப் போய் நான் சொல்ற மூணு படம் எடுத்து அனுப்புங்க" என்றேன். ஒரு குத்துப் பயிரை வேரோடு பிடுங்கி, கழுவி, வரப்பில் போட்டு, இலைகளைக் கீழிருந்து மேலாக விரித்து ஒன்று. இலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்று. வரப்பில் ஏறி நின்று முழு வயலும் தெரிகிற மாதிரி ஒன்று. வெயில் ஏறும் முன்னால், உங்கள் நிழல் விழாமல்.

## குத்து சொன்னது

பிடுங்கிப் போட்ட குத்தின் படம் வந்ததும் பாதி விஷயம் தெளிந்தது. புள்ளிகள் கீழிருந்த மூன்றாவது, நான்காவது இலைகளில்தான் இருந்தன. மேலே விரிந்த புது இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அந்தப் புது இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. நெல்லில் ஜிங்க் குறைக்கு நான் தேடுகிற அடையாளம் இதுதான். பழைய இலையின் துருப் புள்ளியைப் பல காரணம் உண்டாக்கும். புது இலையின் நடு நரம்பு அடியில் வெளுப்பதும் பழைய இலையில் துரு ஏறுவதும் ஒரே குத்தில் சேர்ந்து வந்தால் சந்தேகம் வேறு பக்கம் போவது கஷ்டம்.

சத்துக் குறையைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்பது பழைய இலையா, புது இலையா என்றுதான். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் பயிர் பழைய இலையிலிருந்து உருவி, புது இலைக்கு அனுப்பும். அதனால் அந்தக் குறைகள் கீழிருந்து தொடங்கும். சாம்பல் சத்துக் குறைந்தால் பழைய இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நடுப்பக்கம் பச்சையாகவே இருக்கும். இரும்பு அப்படி நகராது. குறைந்தால் புது இலைதான் முதலில் வெளுக்கும். ஜிங்க் இந்த இரண்டுக்கும் நடுவில், அதனால்தான் மேலேயும் கீழேயும் ஆளுக்கொரு அடையாளம்.

நோய்க்கு இந்தக் கணக்கு கிடையாது. செம்புள்ளியோ குலைநோயோ காற்றில் வரும் பூஞ்சாண வித்தினால் பரவுகிறது. எந்த இலையில் ஈரம் நின்றதோ அங்கே முளைக்கும். அதனால் ஒரு குத்தில் புள்ளி விழுந்த இலையும், பக்கத்திலேயே சுத்தமான இலையும் கலந்து கிடக்கும். ஒரே இலையிலும் இளம்புள்ளி, முற்றிய புள்ளி என்று பல வயதுப் புள்ளிகள் இருக்கும். சத்துக் குறை வந்த குத்தில் அப்படி இல்லை. ஒரு வயது இலைகள் எல்லாம் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்கும்.

பூச்சியைத் தள்ளுவது இன்னும் சுலபம், நேரில் நிற்பவர் கையில் இருந்தால். இலைப்பேன் என்றால் இலை நுனி உள்பக்கமாகச் சுருண்டு ஊசி மாதிரி நிற்கும், வெள்ளிக் கோடுகள் ஓடும். உள்ளங்கையை நனைத்துப் பயிர்மேல் தடவச் சொன்னேன். இலைப்பேன் இருந்தால் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டவில்லை. முள்வண்டு சுரண்டினால் நரம்புக்கு இணையாக வெள்ளைக் கோடு விழும், அதுவும் இல்லை. தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே புகையான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலந்திதான் இருந்தது. பூச்சி கடித்தால் திசு காணாமல் போயிருக்கும், அல்லது சாறு போன கோடு தெரியும், அல்லது எச்சமோ தோலோ கிடக்கும். மூன்றில் ஒன்றாவது வேண்டும். இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

## வரப்பிலிருந்து எடுத்த படம்

எனக்கு எல்லாவற்றையும் முடித்துவைத்தது மூன்றாவது படம். அதில் இலையே தெரியவில்லை. சிவந்த பயிர் வயலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது, அதன் விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரம் பச்சைப் பயிர். அந்தப் பக்கம் குட்டையாக, செம்மண் நிறத்தில், சில குத்துகளின் இலை நிற்க வலுவில்லாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

காற்றில் வரும் நோய் நேர்கோடு போட்டுக்கொண்டு நிற்காது. ஓரிடத்தில் தொடங்கி, வட்டமாகவோ திட்டாகவோ கலைந்து பரவும். விளிம்பில் லேசாகக் குறைந்துகொண்டே போகும். வயலில் நேர்கோடு தெரிந்தால் அது மனிதன் போட்டதாகத்தான் இருக்கும். உரம் விசிறிய கோடு, மருந்தடித்த கோடு, பழைய வரப்பு, இல்லை மண் வெட்டிய இடம்.

போன் செய்து கேட்டேன். "அந்தப் பக்கம் முன்னாடி மேடா இருந்துச்சுல்ல தம்பி, கோடையில ஜே.சி.பி. வச்சு வெட்டிப் பள்ளத்துல தள்ளினோம். தண்ணி ஒரே மட்டமா நிக்கணும்னு."

மேட்டை வெட்டும்போது மேல்மண் போய்விடுகிறது. பல வருடத்து எருவும் மக்கும் சேர்ந்திருந்த மேல் ஓரடி மண்ணில்தான் பயிருக்கு எட்டுகிற ஜிங்க் அதிகம் இருக்கும். கீழே வெளிப்பட்டது சுண்ணாம்பு கலந்த அடிமண். காரத்தன்மை கூடினால் ஜிங்க் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அதன்மேல் பைகார்பனேட் அதிகமுள்ள போர் தண்ணீரை நிறுத்திவைத்தால் இன்னும் இறுகும். அடியுரமாக டி.ஏ.பி.யை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டிருந்தார், "வெட்டின மண்ணாச்சே, சத்து இருக்காதே" என்ற நினைப்பில். டி.ஏ.பி.யில் இருக்கிற மணிச்சத்து கூடும்போதும் பயிர் ஜிங்க் எடுப்பது குறைகிறது. அவர் நினைப்பில் தவறில்லை. அந்த மண்ணில் குறைந்திருந்த சத்து வேறு.

நெல்லில் இந்தக் குறையை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நோய் என்றுதான் எண்ணினார்கள். இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நட்ட நெல் துரு நிறமாகி நின்றதை 'கைரா நோய்' என்று அழைத்தார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒய்.எல். நேனே 1966-இல் அது துத்தநாகக் குறை என்று காட்டினார். அவர் பயிர்நோய் வல்லுநர். கிருமியைத் தேடிப் பழகிய ஒருவர் கிருமி இல்லை என்ற முடிவுக்கு வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

## அடிக்கும் முன் ஒரு சோதனை

இவ்வளவும் ஜிங்க் பக்கம் சாய்ந்திருந்தாலும், இரண்டு சின்னச் சோதனை செய்யாமல் நான் முழு வயலுக்குச் சொல்வதில்லை.

ஒன்று, ஈரப் பெட்டி. புள்ளி விழுந்த நாலைந்து இலையைத் துண்டாக வெட்டி, நனைத்துப் பிழிந்த செய்தித்தாள்மேல் பரப்பி, மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் ஒரு ராத்திரி வைப்பது. பூஞ்சாண நோயாக இருந்தால் காலையில் புள்ளியின்மேல் சாம்பலோ கறுப்போ நிறத்தில் மெல்லிய பூஞ்சை எழுந்திருக்கும். சின்ன லென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், செத்த இலையில் எந்தப் பூஞ்சையும் வளரும். முதல் காலையே பார்க்க வேண்டும். அவர் டப்பாவில் புள்ளிகள் வைத்தபடியே இருந்தன.

இன்னொன்று, கோல் நட்ட பட்டை. பாதித்த பகுதியில் நாலு மூலைக்குக் கோல் நட்டு ஒரு பட்டைக்கு மட்டும் ஜிங்க் தெளித்து, பக்கத்துப் பட்டையை ஒன்றும் செய்யாமல் விடுவது. வழக்கமான பரிந்துரை அரை சதம் ஜிங்க் சல்பேட்டோடு ஒரு சதம் யூரியா. சோதனைப் பட்டைக்கு யூரியாவை நான் விட்டுவிடுவேன். யூரியா தெளித்தாலே பயிர் பச்சை கட்டும். அப்புறம் எதனால் பச்சையானது என்று யாருக்கும் தெரியாது. யூரியாவுக்குப் பதில் சுண்ணாம்பு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு இல்லாமல் ஜிங்க் சல்பேட்டை மட்டும் அடித்தால் இலை கருகலாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும்.

ஒன்றும் செய்யாத அந்தப் பக்கத்துப் பட்டைதான் சோதனையின் உயிர். ஜிங்க் குறை வந்த நெல் சில வாரம் கழித்துத் தானாகவே ஓரளவு தேறுவதுண்டு; தூர் குறைந்தும் கதிர் பிந்தியும்தான் தேறும் என்பது வேறு. அந்த நேரத்தில் எந்த மருந்தை அடித்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். கடையில் கொடுத்திருந்த பூஞ்சாணக்கொல்லி மேங்கோசெப். அதில் மாங்கனீசும் சிறிதளவு துத்தநாகமும் உண்டு. அதை அடித்துப் பயிர் லேசாகத் தெளிந்தால், நோய்தான் என்று அவரும் கடைக்காரரும் நானும் சேர்ந்து நம்பியிருப்போம். அடுத்த வருடமும் அதே இடம் சிவக்கும், அதே பாக்கெட் வரும்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து போன். "புள்ளி அப்படியேதான் இருக்கு தம்பி." இந்த வார்த்தையைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். செத்த திசு மறுபடி பச்சையாகாது, அது நோயானாலும் சத்துக் குறையானாலும். "பழசைப் பாக்காதீங்கண்ணே. தெளிச்ச பிறகு விரிஞ்ச இலையோட அடி நரம்பைப் பாருங்க. பக்கத்துப் பட்டையில இருக்கிற புது இலையையும் பிடுங்கி ரெண்டையும் சேத்து வச்சுப் படம் எடுங்க." படம் வந்தது. தெளித்த பட்டை இலையின் நடு நரம்பு அடிவரைக்கும் பச்சை. தெளிக்காததில் அந்த வெளுப்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் வயலுக்குச் சொன்னேன். வெட்டிய பகுதியில் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுவது, சேறு லேசாக வெடிக்கும்வரை. தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் ஜிங்க் கிடைப்பது குறைவு. சும்மா வடித்தாலே கொஞ்சம் தேறும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்ற கணக்கில், அந்தப் பகுதியின் பரப்புக்கு மட்டும், இரண்டு பங்கு காய்ந்த மணலோடு கலந்து விசிறுவது. டி.ஏ.பி.யோடோ சூப்பர் பாஸ்பேட்டோடோ கலக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். பயிர் அவசரத்தில் இருந்ததால் கூடவே இலைவழித் தெளிப்பும், இந்த முறை யூரியாவோடு: ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட், இரண்டு கிலோ யூரியா. பத்து நாள் இடைவெளியில் மறுபடி ஒரு முறை. பச்சைப் பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம். மேலுரத் தழைச்சத்தை அந்தப் பகுதிக்கு மட்டும் புது இலை தெளியும்வரை தள்ளிப்போடச் சொன்னேன். பிரிக்காத பாக்கெட்டுகளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், இன்னொரு பாக்கெட்டில் இருந்த பூச்சிமருந்தையும் சேர்த்து.

ஜிங்க் வாங்கும்போது சாக்கின்மேல் இருப்பதைப் படித்துப் பார்க்கச் சொல்வேன். சாதாரண ஜிங்க் சல்பேட்டில் 21 சதம் துத்தநாகம். 33 சதமுள்ளதும் விற்கிறது, அதற்கு அளவு குறைவு. மேலே சொன்ன அளவெல்லாம் 21 சதத்துக்கு.

## சேர்ந்து வரும்போது

இந்த வயல் தெளிவாகப் பிரிந்தது. எல்லாம் இப்படிப் பிரியாது. செம்புள்ளி நோயே சத்தில்லாத மண்ணில்தான் அதிகம் வரும். சாம்பல் சத்து குறைந்த பயிர், வறட்சியில் வாடிய பயிர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அப்போது ஈரப் பெட்டியில் பூஞ்சையும் எழும், வயலில் மண் மாறிய இடமும் ஒத்துப்போகும். இரண்டும் உண்மை. அந்த மாதிரி நேரத்தில் பூஞ்சாணக்கொல்லியை மட்டும் அடித்தால் புள்ளி கொஞ்சம் நிற்கும், பத்து நாளில் திரும்பும். சத்தைச் சரிசெய்து, புள்ளி மேல் இலைகளுக்கு ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் மட்டும் மருந்து என்பது என் வழி. துங்ரோ என்ற வைரஸ் நோயும் ஜிங்க் குறையும் இன்னும் தொல்லை, இரண்டிலும் குட்டையும் நிறமாற்றமும் வரும். துங்ரோவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நுனியிலிருந்து இறங்கும், வயலில் பச்சைத் தத்துப்பூச்சி இருக்கும், நோய்க் குத்துகள் நல்ல குத்துகளுக்கு நடுவே சிதறி நிற்கும். அப்படியும் உறுதியாகாவிட்டால் செடியைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு எடுத்துப் போவதுதான் சரி.

இவ்வளவு நிதானம் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே சம்பாவில், மார்கழி மாதம் பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு படம் வந்தது. பி.பி.டி. 5204, குலைநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிற ரகம். யூரியா தாராளமாகப் போட்டுக் கரும்பச்சையில் இருந்த பயிர், ஒரு வாரமாகப் பனி. புள்ளி இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பலாக, மேல் இலையிலேயே. கதிர் வெளிவர இன்னும் சில நாள்தான். அங்கே கோல் நட்டுப் பட்டை பிரித்துக்கொண்டிருந்தால் நோய் கதிரின் கழுத்துக்கு ஏறிவிடும், கழுத்தில் விழுந்தால் கதிர் பதராகிவிடும். அவரிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி, புள்ளி மேல் இலையில் இருக்கிறதா, வயலில் திட்டுத் திட்டாகத் தொடங்கியதா என்று. இரண்டுக்கும் ஆமாம் என்றார். யூரியாவை நிறுத்தச் சொல்லி, குலைநோய் மருந்தை அன்று சாயங்காலமே அடிக்கச் சொன்னேன்.